ஒரே தேதி, மூன்று ஸ்கிரீன்ஷாட், மூன்று விதமான விலை

கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் போகலாம் என்று வீட்டில் முடிவானதும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஸ்கிரீன்ஷாட்டுகள் வந்து விழத் தொடங்கும். அக்கா ஒரு ஓட்டலை அனுப்புவார், மைத்துனர் இன்னொன்றை, கல்லூரி படிக்கும் பையன் தனி வில்லா ஒன்றை. மூன்றும் ஒரே தேதிக்குத்தான். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, “இதுதான் சீப், இதையே போட்டுடுங்க” என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். பெரும்பாலும் பிழை அங்கேதான் நடக்கிறது. ஏனென்றால் அந்த மூன்று படங்களிலும் கொட்டை எழுத்தில் நிற்கும் தொகை ஒரே பொருளுடையது அல்ல. ஒன்று ஓர் அறைக்கு ஓர் இரவு வாடகை. மற்றொன்று வரியோடு சேர்ந்த மொத்தம். மூன்றாவது வரி சேராத மொத்தம்.

ஓர் உதாரணக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். ஓட்டல்களும் விலைகளும் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை. வரி விகிதங்களும் கணக்கு போடும் முறையும் இப்போது நடைமுறையில் உள்ளவை. குடும்பத்தில் ஆறு பேர்: கணவன், மனைவி, தாத்தா, பாட்டி, 14 வயது மகள், 8 வயது மகன். மே 15 வெள்ளிக்கிழமை போய், 17 ஞாயிறு காலை கிளம்புகிறார்கள். அதாவது இரண்டு இரவு. மூன்று பகல் வந்தாலும் ஓட்டல் கணக்கில் இது இரண்டு நாள்தான்.

அக்கா அனுப்பிய படத்தில் ₹4,200 என்று இருக்கிறது. மேலே ₹6,000 என்று எழுதி அடித்திருக்கிறார்கள். கீழே சாம்பல் நிறத்தில், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மட்டும் தெரியும் அளவில், “+ ₹299 taxes & fees, per night” என்று ஒரு வரி. மைத்துனர் அனுப்பியதில் ₹19,950, பக்கத்தில் “includes taxes”. பையன் அனுப்பிய வில்லாவுக்கு ₹19,494, அடியில் “total before taxes”. முதல் பார்வைக்கு அக்காவுடையது வெகு மலிவு. மற்ற இரண்டில் வில்லா 456 ரூபாய் குறைவு. கடைசியில் வரப்போகும் வரிசை வேறு.

முதல் படத்திலிருந்து தொடங்குவோம். ₹4,200 என்பது ஓர் அறைக்கு ஓர் இரவு. இரண்டு அறை, இரண்டு இரவு என்றால் நான்கு மடங்கு: ₹16,800. இனி அந்தச் சாம்பல் நிற ₹299. இதை அப்படியே வரி என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். ஆனால் அதில் வரியும் இருக்கிறது, வரி அல்லாததும் இருக்கிறது. பிரித்துப் பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும்.

ஓட்டல் அறைக்கு ஜிஎஸ்டி இப்போது இரண்டே படிகளில் இருக்கிறது. ஓர் அறையின் ஒரு நாள் வாடகை ₹7,500 வரை இருந்தால் 5 சதவீதம். அதற்கு மேல் போனால் 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு முதல் படி 12 சதவீதமாக இருந்தது. அதனால் பழைய பயணக் குறிப்புகளையும், போன வருடம் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாக வரும். ₹4,200-க்கு 5 சதவீதம் ₹210. படத்தில் ₹299. மீதி ₹89 அரசுக்குப் போகவில்லை. ஆப் தனக்காக வைக்கும் சேவைக் கட்டணம் அது. நான்கு மடங்கு ஆக்கினால் ஏறத்தாழ ₹356. பணம் கட்டும் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தால் கன்வீனியன்ஸ் ஃபீ ₹300, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி ₹54, ஆக ₹354 என்று தனியாக எழுதியிருக்கும். இரண்டு ரூபாய் வித்தியாசம் முழு ரூபாயாக்கியதில் வந்தது.

“taxes & fees” என்று எங்கே பார்த்தாலும் இப்படி வகுத்துப் பார்ப்பது நல்லது. ஓர் அறைக்கு ஓர் இரவின் வரி எப்போதும் 5 அல்லது 18 என்ற விகிதத்தில்தான் வரும். உங்களுக்குக் கிடைப்பது 7, 9, 13 என்று எங்கோ நடுவில் நின்றால் உள்ளே வேறொரு கட்டணம் கலந்திருக்கிறது என்று பொருள். ஒரு விதிவிலக்கு உண்டு. ஆப் தன் கையிலிருந்து கூப்பன் தள்ளுபடி கொடுத்தால், ஓட்டலின் விலைக்கு வரி போட்ட பிறகு தள்ளுபடியைக் கழிப்பார்கள். அப்போது கழித்த தொகையோடு வரியை ஒப்பிட்டால் விகிதம் கூடுதலாகத் தெரியும். கூப்பனுக்கு முந்தைய தொகையை வைத்து வகுத்தால் சரியாகிவிடும்.

அக்காவின் ஓட்டலுக்குத் திரும்புவோம். அறை ₹16,800, வரி ₹840, ஆப் கட்டணம் ₹354. மொத்தம் ₹17,994. ஆப் காட்டும் கடைசித் தொகை இதுதான். மைத்துனரின் ₹19,950-ஐ விட இரண்டாயிரம் ரூபாய் குறைவு. இங்கேயே நிறுத்திவிட்டால் அக்கா ஜெயித்தார்.

ஆனால் அவர் தேடும்போது ஆட்கள் எண்ணிக்கையை மாற்றவில்லை. இரண்டு அறை என்று போட்டதும் ஆப் தானாக நான்கு பெரியவர்கள் என்று வைத்துக்கொண்டது. பிள்ளைகள் இருவரும் அந்தக் கணக்கில் இல்லை. ஓட்டலின் விதிகளைத் திறந்து படித்தால் விஷயம் வெளியே வருகிறது. 8 வயதுப் பையன் பெற்றோரின் கட்டிலில் படுத்துக்கொண்டால் கட்டணம் இல்லை. 14 வயதுப் பெண்ணுக்குப் பெரியவர் கணக்கு. எக்ஸ்ட்ரா பெட் ஓர் இரவுக்கு ₹1,000, வரி தனி, ஓட்டலிலேயே கட்ட வேண்டும். இரண்டு இரவுக்கு ₹2,100. இந்தத் தொகை ஆப்பின் மொத்தத்தில் எங்கும் தெரியாது. “pay at property” என்ற சொற்களுக்குப் பின்னால் இப்படிப்பட்டவைதான் நிற்கின்றன.

பிள்ளைகளின் வயதைக் கேட்கும் பெட்டியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எத்தனை வயது வரை இலவசம் என்பது ஓட்டலுக்கு ஓட்டல் மாறும். சில இடங்களில் 5, சில இடங்களில் 8, சில இடங்களில் 12. வயதைச் சரியாகக் கொடுத்துத் தேடினால் பல ஆப்களில் எக்ஸ்ட்ரா பெட்டும் விலைக்குள்ளேயே வந்துவிடும். கொடுக்காமல் தேடினால் அது செக்-இன் மேசையில் வரும். அந்த நேரத்தில் கையில் பையோடும், களைத்த பெரியவர்களோடும் நின்றுகொண்டு யாரும் பேரம் பேச முடியாது.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. அக்காவின் ஓட்டலில் காலை டிபன் சேரவில்லை. படத்தில் “room only” என்று இருந்தது. ஆறு பேர், இரண்டு காலை, ஆளுக்கு ₹200 என்று குறைத்துப் போட்டாலும் ₹2,400. வெளியே கடையில் சாப்பிட்டால் இன்னும் குறையலாம். ஆனால் ஒப்பிடும்போது ஒரு பக்கம் டிபனோடும் மறுபக்கம் டிபன் இல்லாமலும் வைத்துப் பார்த்தால் அது ஒப்பீடே அல்ல. ஆக அக்காவின் ₹4,200 கடைசியில் ₹22,494 ஆக வந்து நிற்கிறது.

மைத்துனரின் படம் இதைவிட எளிது. அவர் நான்கு பெரியவர், இரண்டு பிள்ளை, வயது 14, 8 என்று எல்லாம் கொடுத்துத் தேடியிருக்கிறார். அறை ₹4,550, இரண்டு அறை இரண்டு இரவுக்கு ₹18,200. பெண்ணுக்குக் கூடுதல் மெத்தை இரவுக்கு ₹400 வீதம் ₹800. சேர்த்து ₹19,000. அதற்கு 5 சதவீத வரி ₹950. மொத்தம் ₹19,950, காலை டிபனோடு. படத்தின் முகப்பில் நின்ற தொகையும் கடைசியில் கட்டும் தொகையும் ஒன்றே. அறை வாடகை மட்டும் என்று பார்த்தால் அக்காவின் ஓட்டலைவிட இது ₹350 அதிகம். முழுக்கணக்கில் ₹2,544 குறைவு.

வில்லாவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கிளீனிங் சார்ஜ் வருவது இங்கேதான். ஓட்டலில் அறையைப் பெருக்கித் துடைத்து விரிப்பு மாற்றும் செலவு வாடகைக்குள்ளேயே இருக்கிறது. வீடு, வில்லா, சர்வீஸ் அபார்ட்மென்ட் போன்றவற்றில் விருந்தினர் கிளம்பிய பிறகு வீடு முழுவதையும் ஒரே தடவை சுத்தம் செய்வார்கள். அதற்கென்று தனியாக ஒரு தொகை போடுவார்கள். ஓர் இரவு தங்கினாலும் பத்து இரவு தங்கினாலும் அது பெரும்பாலும் ஒரே தொகை. அதனால்தான் அதை ஓர் இரவு வாடகைக்குள் அடக்காமல் வெளியே வைக்கிறார்கள். சில உரிமையாளர்கள் இரவு வாடகையைக் குறைத்துக் காட்டி, குறைத்ததைக் கிளீனிங் சார்ஜில் ஏற்றிவிடுவதும் நடக்கிறது. வாடகையை வைத்து வரிசைப்படுத்தும் பட்டியலில் அப்படிப்பட்ட வீடு மேலே வந்து நிற்கும்.

பையன் அனுப்பிய ₹19,494-ஐப் பிரித்தால் இப்படி இருக்கிறது. மூன்று படுக்கையறை வீடு, இரவுக்கு ₹7,800, இரண்டு இரவுக்கு ₹15,600. கிளீனிங் சார்ஜ் ₹1,500. இரண்டும் சேர்ந்து ₹17,100. ஆப்பின் சேவைக் கட்டணம் அதில் 14 சதவீதம், ₹2,394. இவ்வளவுதான் அந்த ₹19,494. வரி இன்னும் தொடங்கவே இல்லை.

வீட்டின் ஒரு நாள் வாடகை ₹7,500-ஐத் தாண்டிவிட்டதால் வரி 18 சதவீதம். பலருக்கும் இது புரியாமல் போகிறது. மைத்துனரின் ஓட்டலில் இரண்டு அறைக்கு ஓர் இரவு ₹9,100 ஆகிறது, வில்லா ₹7,800-தான். பிறகு ஏன் வில்லாவுக்கு மட்டும் அதிக வரி? ஏனென்றால் வரம்பு குடும்பம் கட்டும் மொத்தத் தொகைக்கு அல்ல, ஒரு யூனிட்டுக்கு. ஓட்டலில் ஒவ்வோர் அறையும் தனி யூனிட். ₹4,550 என்பது வரம்புக்குக் கீழே இருக்கிறது. வில்லாவை முழு வீடாக வாடகைக்கு விட்டால் வீடு மொத்தமும் ஒரே யூனிட். மூன்று அறை இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

₹17,100-க்கு 18 சதவீதம் ₹3,078. சேவைக் கட்டணத்துக்கும் 18 சதவீதம், ₹431. இரண்டும் சேர்ந்து ₹3,509. பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் ₹23,003 என்று வந்து நிற்கும். மூன்றில் இதுதான் அதிகம். திருப்பித் தரும் முன்பணம் ₹5,000 கேட்டால் அது வேறு. அது செலவு அல்ல, ஆனால் கையில் இருக்க வேண்டிய பணம்.

இதில் கிளீனிங் சார்ஜை மட்டும் தனியே பின்தொடர்ந்து பாருங்கள். பட்டியலில் அது ₹1,500. அதன்மேல் ஆப்பின் 14 சதவீதம் ₹210. அசல் தொகைக்கு 18 சதவீத வரி ₹270. அந்த ₹210-க்கும் வரி ₹38. ஆக ₹1,500 என்று எழுதிய ஒரு வரி உங்கள் கையிலிருந்து ₹2,018 எடுக்கிறது. இரண்டு இரவு தங்கினால் இரவுக்கு ஆயிரத்துக்கு மேல். ஒரே இரவு என்றால் முழு ₹2,018-ம் அந்த ஓர் இரவின் தலையில். ஐந்து இரவு தங்கினால் இரவுக்கு ₹404 ஆக இறங்கிவிடும். கிளீனிங் சார்ஜ் அதிகமா குறைவா என்பதை அதன் தொகையைப் பார்த்துச் சொல்ல முடியாது. எத்தனை இரவு, எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் சொல்லலாம்.

அதனால் வில்லா என்றாலே வீண் செலவு என்று நினைத்துவிட வேண்டாம். இதே குடும்பத்தில் பிள்ளைகள் இருவரும் பெரியவர்களாக இருந்து, மூன்று அறை தேவைப்பட்டிருந்தால் மைத்துனரின் ஓட்டலில் அறைக்கு ₹4,550 வீதம் மூன்று அறை, இரண்டு இரவு, வரியோடு ₹28,665 ஆகும். வில்லாவின் ₹23,003 மாறாது. டிபனுக்கு ₹2,400 கூட்டினாலும் வில்லாதான் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் லாபம். சமையலறை இருந்தால் பாட்டிக்கு வேண்டிய கஞ்சியை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். ஆறாவது ஆள் எங்கே படுக்கிறார் என்ற ஒரு கேள்வியில் முடிவே புரண்டுவிடுகிறது.

அந்த ₹7,500 வரம்பு ஓட்டல் அறைக்கும் வேலை செய்யும். ₹7,500-க்கு ஓர் அறை கிடைத்தால் வரியோடு ₹7,875. பக்கத்து ஓட்டலில் ₹7,600 என்றால் வரியோடு ₹8,968. வாடகையில் நூறு ரூபாய் வித்தியாசம், கட்டும்போது ₹1,093 வித்தியாசம். வார இறுதியில் இது இன்னும் சிக்கலாகும். வெள்ளி இரவு ₹7,200, சனி இரவு ₹7,900 என்று இருந்தால் ஆப் சராசரியாக ₹7,550 என்று காட்டக்கூடும். வரியோ ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனி: வெள்ளிக்கு 5, சனிக்கு 18. ஏழாயிரத்து சொச்சத்தில் நிற்கும் எந்த அறையையும் நாள்வாரிப் பிரிவைத் திறந்து பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். வியாழன், வெள்ளி என்று ஒரு நாள் முன்னால் தள்ளினாலே வாடகையும் வரியும் சேர்ந்து இறங்கும் வாய்ப்பு உண்டு.

மலைப்பகுதியில் எந்த ஸ்கிரீன்ஷாட்டிலும் வராத செலவுகளும் சில உண்டு. அறையில் ஹீட்டர் வைக்க இரவுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். கேம்ப் ஃபயருக்குத் தனி. வாடகைக் காரில் போனால் டிரைவருக்குப் படுக்க இடம் உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். டிசம்பர் 24, 31 இரவுகளில் சில ஓட்டல்கள் கலா டின்னர் என்று ஆளுக்கு ஒரு தொகையைக் கட்டாயமாகப் போடும். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கட்ட வேண்டும், அது அறை வாடகையையே தொட்டுவிடும். விதிகள் பகுதியில் “mandatory” என்ற சொல் எங்கே இருக்கிறது என்று தேடிப் படித்தால் இவை அகப்படும்.

ஸ்கிரீன்ஷாட் எடுப்பதிலும் ஒரு முறை வேண்டும். தேடல் முடிவுகளின் பட்டியலைப் படம் பிடிப்பதால் பயனில்லை. அங்கே இருப்பது கூப்பிடும் விலை. பெயர், தேதி எல்லாம் கொடுத்து, பணம் கட்டும் பொத்தானுக்கு முந்தைய பக்கம் வரை போக வேண்டும். விலைப் பிரிவு மடக்கி வைக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அதைத் தொட்டு விரித்துவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும். தேதி, ஆட்கள் எண்ணிக்கை, அறையின் பெயர், டிபன் உண்டா, எந்தத் தேதி வரை இலவசமாக ரத்து செய்யலாம் என்பதெல்லாம் தெரிய வேண்டும். ஒரே திரையில் அடங்காவிட்டால் ஸ்க்ரோல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், இல்லை இரண்டு படமாக எடுங்கள். தேதியை வெட்டிவிட்டு விலையை மட்டும் அனுப்பும் படத்தால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

எல்லாப் படங்களையும் ஒரே வேளையில் எடுப்பதும் முக்கியம். ஓட்டல் விலை ஒரே நாளில் சில தடவை மாறும். காலையில் எடுத்த ஒன்றையும் மறுநாள் இரவு எடுத்த ஒன்றையும் பக்கத்தில் வைத்தால் நாம் ஒப்பிடுவது இரண்டு ஓட்டல்களை அல்ல, இரண்டு நேரங்களை. லாகின் செய்த கணக்கில் உறுப்பினர் விலை வரும், லாகின் செய்யாத போனில் வேறு விலை வரும். கூப்பன் ஒரு குறிப்பிட்ட வங்கி அட்டைக்கு மட்டும் என்றால், அந்த அட்டை வீட்டில் யாரிடமாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் கூப்பனுக்கு முந்தைய விலைதான் உங்கள் விலை.

கட்டணங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைசியில் அவிழ்ப்பதற்கு நம் நாட்டிலேயே தடை இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இணையத்தில் ஏமாற்றும் 13 வகை உத்திகளைப் பட்டியலிட்டுள்ளன. விலையின் சில பகுதிகளை முதலில் மறைத்துவிட்டுப் பிறகு சேர்ப்பது அதில் ஒன்று. கேட்காமலேயே காப்பீடு, நன்கொடை போன்றவற்றைப் பில்லில் நுழைப்பது இன்னொன்று. “ஒரே ஓர் அறைதான் மிச்சம்” என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் அதில் வருகிறது. அமெரிக்காவில் 2025 மே 12 முதல், தங்குமிடங்கள் கட்டாயக் கட்டணம் அனைத்தையும் சேர்த்த மொத்த விலையைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்ற விதி அமலில் இருக்கிறது. கிளீனிங் சார்ஜும் ரிசார்ட் கட்டணமும் அதற்குள் அடங்கும். அரசு வரியை மட்டும் பிறகு காட்டலாம். ஏர்பிஎன்பி 2025 ஏப்ரல் முதல் உலகம் முழுவதும் கட்டணங்களோடு சேர்ந்த, வரிக்கு முந்தைய மொத்தத்தைக் காட்டத் தொடங்கியது. நல்ல மாற்றம்தான். ஆனால் வரி 18 சதவீதமாக இருக்கும் இடத்தில் “before taxes” என்ற இரண்டு சொற்களுக்குள் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை மேலே பார்த்தோம். காட்டியதற்கும் கட்டியதற்கும் நியாயமில்லாத வித்தியாசம் வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படமாக வைத்திருந்தால் சொல்ல வேண்டியதைப் படமே சொல்லிவிடும்.

சின்ன ஹோம்ஸ்டேக்களைப் பொறுத்தவரை வரியில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆண்டுக்கு 20 லட்ச ரூபாய்க்குள் வரவு உள்ள உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. அவரிடம் நேரே பேசி எடுத்தால் வரியே கிடையாது, அது சட்டப்படி சரியும்கூட. அதே வீட்டை ஆப் வழியாக எடுத்தால் உரிமையாளருக்குப் பதிலாக ஆப் அந்த வரியை வாங்கி அரசுக்குக் கட்ட வேண்டும் என்பது விதி. அதனால் ஆப்பில் வரி இருக்கும், நேரே கேட்டால் இருக்காது. இரண்டிலும் யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் பதிவு செய்யாத ஒருவர் ஜிஎஸ்டி என்று சொல்லிப் பணம் கேட்டால் அது தவறு. ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். பதினைந்து எழுத்தும் எண்ணும் கலந்த அது, தமிழ்நாட்டில் பதிவு செய்ததாக இருந்தால் 33 என்று தொடங்கும்.

முழுக்கணக்கு கையில் வந்த பிறகு ஓட்டலுக்கே ஒரு போன் போட்டுப் பார்க்கலாம். ஆப்புக்குக் கமிஷன் கொடுக்க வேண்டியதில்லை என்பதால் நேரடி முன்பதிவில் குறைக்கப் பல ஓட்டல்களுக்கு இடமிருக்கிறது. அந்தப் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“சார், மே 15, 16 ரெண்டு நைட்டு, ரெண்டு ரூம் வேணும். பெரியவங்க நாலு பேர், பதினாலு வயசுப் பொண்ணு, எட்டு வயசுப் பையன். ஆப்புல டாக்ஸோட பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது காட்டுது, டிபனோட. நேரா போட்டா எவ்வளவு ஆகும்?”

“பத்தொன்பதாயிரம் குடுத்துருங்க சார், பண்ணிடலாம்.”

“டாக்ஸ் சேர்த்தா, தனியா?”

“டாக்ஸ் சேர்த்துத்தான் சார்.”

“பொண்ணுக்கு மெத்தை?”

“அதுவும் சேர்த்துத்தான்.”

கேட்பவர் கையில் முழுத்தொகை இருப்பதால்தான் இந்தப் பேச்சு இவ்வளவு சீக்கிரம் முடிகிறது. “ரூம் எவ்வளவு?” என்று மட்டும் தொடங்கியிருந்தால் பதிலும் ரூமுக்கு மட்டும்தான் வந்திருக்கும், மெத்தையும் வரியும் செக்-இன் மேசையில் வந்து சேர்ந்திருக்கும். “பில் வேண்டாம்னா இன்னும் குறைச்சுக்கலாம்” என்று மறுமுனையில் சொன்னால் அதை ஏற்க வேண்டாம். அறை மாறினாலோ பணம் திரும்ப வேண்டியிருந்தாலோ காட்டுவதற்கு ஒரு சீட்டும் இருக்காது.

போனை வைத்ததும் பேசியதை அவர்கள் எண்ணுக்கே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, சரி என்ற பதிலை வாங்கிக்கொண்ட பிறகு முன்பணம் போடுங்கள். செய்தியில் இவ்வளவு இருந்தால் போதும்: மே 15 மதியம் செக்-இன், மே 17 காலை செக்-அவுட், இரண்டு டபுள் ரூம், பெரியவர் நான்கு, பிள்ளைகள் இருவர், வயது 14, 8, கூடுதல் மெத்தை ஒன்று, இரண்டு நாள் காலை டிபன் ஆறு பேருக்கு, ஜிஎஸ்டி உட்பட மொத்தம் ₹19,000, முன்பணம் ₹5,000, மீதி வந்ததும், மே 10 வரை ரத்து செய்தால் முன்பணம் முழுதும் திரும்பும், ஹீட்டர் வேண்டுமென்றால் இரவுக்கு எவ்வளவு என்பதை இப்போதே சொல்லவும்.